உடன்குடியும் கடன்குடியும்: ஒரு காபிக் கடைக்குப் பஞ்ச் வரி எழுதியது

சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில், சாலையோரத்தில் எங்கள் சித்தப்பா கருப்பட்டிக் காபிக் கடை வைத்திருக்கிறார். கூரையை மாற்றிப் புதுப் பலகை மாட்டும் வேளை வந்ததும், "படத்துல வார மாதிரி நச்சுன்னு நாலு வரி எழுதிக் குடுலே" என்றார். கூட்டாளிகளின் கல்யாண பேனருக்கும் கோயில் கொடைக்கு வைக்கும் தட்டிக்கும் நான் எழுதுவது வழக்கம். அதே கையோடு உட்கார்ந்தேன். ஒரு வரி எங்கே பிறந்தது, எதனால் மாறியது, அச்சகத்தில் எங்கே கெடப் பார்த்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொண்டோம். எந்தப் படத்தின் வசனத்தையும் அப்படியே எடுத்து ஒரு சொல்லை மட்டும் மாற்றுவதில்லை. அப்படி எழுதினால் படிப்பவர் மனது காபியை விட்டுவிட்டு அந்த நடிகரிடம் போய்விடும். வேறு நடிகரின் ரசிகராக இருந்தால் கடையோடு ஒரு சின்ன மனத்தாங்கலும் வரும். நமக்கு வேண்டியது வசனம் அல்ல, வசனத்தின் அச்சு. அச்சு தெரிந்ததாக இருந்தால் போதும், காது தானாகவே பின்னணி இசையைப் போட்டுக்கொள்ளும்.

அந்த அச்சுகள் அதிகம் கிடையாது. "இப்படிச் செஞ்சா இது, அப்படிச் செஞ்சா அது" என்று நிபந்தனையை இரட்டையாக அடுக்குவது ஒன்று. "இது அது இல்ல... இது வேற" என்று மறுத்துவிட்டுத் தூக்கிக் காட்டுவது இன்னொன்று. "மோதிப் பாரு" என்று சவால் விடுவது மூன்றாவது. மூன்றிலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். முதல் பாதி ஓர் எதிர்பார்ப்பைக் கிளப்பும், நடுவில் ஒரு நிறுத்தம் வரும், இரண்டாம் பாதியின் கடைசிச் சொல்லில் அடி விழும். படத்தில் நாயகன் திரும்பிப் பார்ப்பதெல்லாம் அந்த நிறுத்தத்தில்தான். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வருவது இதற்குப் பெரிய வசதி. என்ன செய்வான் என்பது கடைசிச் சொல் வரைக்கும் தெரியாது.

நான்கு வரியில் சித்தப்பாவுக்கு அவசரமாக வேண்டியது கடன் வரி. தெரிந்த முகங்கள் வந்து குடித்துவிட்டு "எழுதிக்கிடுங்க அண்ணாச்சி" என்று போய்விடுகிறார்கள். முகத்துக்கு நேரே மறுக்க அவருக்கு வாய் வராது. பலகை சொல்ல வேண்டும், யாருக்கும் மனசு நோகவும் கூடாது.

கடன் என்ற சொல்லுக்கு எதுகை தேடினேன். எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. முதல் எழுத்தும் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவில் ஒத்திருக்க வேண்டும். கடன், உடன், திடம், தடம் என்று எழுதிக்கொண்டே போகும்போது "உடன்" என்ற இடத்தில் கை நின்றது. சித்தப்பா கடையில் போடுவது உடன்குடிக் கருப்பட்டி. உடன்குடி இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. 1986-ல் மாவட்டத்தைப் பிரிப்பதற்கு முன் அதுவும் திருநெல்வேலிச் சீமைதான். அந்தப் பக்கத்துப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஊர்ப்பெயரிலேயே "குடி" இருக்கிறது. அதைக் கடனோடு ஒட்டினால் "கடன்குடி". கடனாகக் குடிப்பது என்று யாரும் விளக்காமலே பொருள் விளங்குகிறது. முதல் வரி இப்படி வந்தது:

உடன்குடி உண்டு.
கடன்குடி கிடையாது.

கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் நிறைவு வரவில்லை. சொல் விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது பழமொழி மாதிரி நின்றது, படத்து வசனம் மாதிரி நடக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்த பிறகு காரணம் பிடிபட்டது. அந்த வரியை யாரும் சொல்லவில்லை. "உண்டு", "கிடையாது" இரண்டும் அறிவிப்புப் பலகையின் சொற்கள். பஞ்ச் வரிக்குள் ஓர் ஆள் இருக்க வேண்டும், அவன் நம்மைப் பார்த்துப் பேச வேண்டும். "நான்" என்று எழுத வேண்டியதில்லை. வினை "வேன்" என்று முடிந்தாலே ஆள் வந்துவிடுவான்.

ஆகவே நிபந்தனை அச்சை எடுத்தேன். உடன்குடி கேட்டால் என்ன செய்வேன்? காபிக் கடைக்காரர் செய்வது ஆத்துவது. டம்ளருக்கும் வட்டாவுக்கும் நடுவே தூக்கி ஆத்துவதுதான் அந்தத் தொழிலின் அடையாளம். கடன்குடி கேட்டால்? கடைசி ஓசை ஒன்றி வருவது இயைபு, ஆத்துவேனுக்கு இயைபு சாத்துவேன். கடையைச் சாத்துவது ஒரு பொருள், ஆளைப் போட்டுச் சாத்துவது இன்னொரு பொருள். நாயகன் மிரட்டுகிற தொனி ஒரே சொல்லில் கிடைத்துவிட்டது.

உடன்குடி கேட்டா ஆத்துவேன்...
கடன்குடி கேட்டா சாத்துவேன்!

இதுதான் அடி என்று தோன்றியது. ஆனால் பலகை எல்லாரையும் பார்த்துப் பேசும் என்பதை மறக்கக் கூடாது. கூட்டாளியிடம் வாயால் சொன்னால் சிரிப்பு. ஆள் பார்க்காமல் சுவரில் நின்றுகொண்டு, வயலில் இருந்து களைத்து வரும் எழுபது வயதுப் பெரியவரைப் பார்த்து "சாத்துவேன்" என்றால் அது அடிப்பேன் என்றுதான் விழும். எதைச் சாத்துவது என்று காட்டிவிட்டால் மிரட்டல் இறங்கிவிடும் என்பதால் "கடை சாத்துவேன்" என்று மாற்றினேன். "கடன்", "கடை" என்று மோனையும் அமைந்தது. சித்தப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "புதுக் கடையில கடை சாத்துவேன்னு எழுதி மாட்டச் சொல்லுதியா? நல்லா இருக்காதுலே." அவர் சொன்னது சரி. வியாபாரம் செய்கிறவர்கள் ராத்திரியில்கூட அந்தச் சொல்லை வாயில் எடுக்கத் தயங்குவார்கள், "எடுத்து வைக்கலாம்" என்பார்கள். அந்த நம்பிக்கையைத் தாண்டிக்கொண்டு எந்த எதுகையும் அங்கே நிற்க முடியாது.

சாத்துவதற்கு வேறு என்ன இருக்கிறது என்று தேடினேன். கதவு, சன்னல், பெட்டி என்று வரிசையாக வைத்துப் பார்த்தும் ஒன்றும் ஒட்டவில்லை. காது என்று வைத்ததும் வரி முழுக்கத் திரும்பிவிட்டது.

உடன்குடி கேட்டா காபி ஆத்துவேன்...
கடன்குடி கேட்டா காதைச் சாத்துவேன்!

இப்போது வைத்தது கடைசி வரை மாறவில்லை. உடன், கடன் என்று தொடக்கத்தில் எதுகை. காபி, காது என்று நடுவில் மோனை. ஆத்துவேன், சாத்துவேன் என்று முடிவில் இயைபு. இரண்டு வரியிலும் நான்கு நான்கு சொல், ஒன்றன் கீழ் ஒன்று நேராக நிற்கிறது. இவற்றைவிட எனக்குப் பிடித்தது, நான் தேடாமலே வந்த ஒன்று. "கேட்டா" என்பதற்கு "வேண்டும் என்று கேட்டால்" என்பதும் பொருள், "காதில் விழுந்தால்" என்பதும் பொருள். முதல் வரியில் முதல் பொருள் மட்டும் வேலை செய்கிறது. இரண்டாம் வரியில் காது வந்தபின் இரண்டாவது பொருளும் விழித்துக்கொள்கிறது. கடன் என்ற சத்தம் காதில் விழுந்தாலே கதவு அடைபடும். மிரட்டலும் போய்விட்டது. கடைக்காரர் யாரையும் எதுவும் செய்யவில்லை, தன் காதைத்தான் அடைக்கிறார்.

இந்த வரிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைச் சித்தப்பாவிடம் சொல்லியே கொடுத்தேன். கடையில் கொதிப்பது உண்மையிலேயே உடன்குடிக் கருப்பட்டியாக இருக்க வேண்டும். சர்க்கரைப் பாகு கலந்த கருப்பட்டியை வாங்கிப் போட்டுவிட்டு இதை மாட்டினால், ருசி தெரிந்தவர்கள் நிறைந்த இந்தச் சீமையில் வரியே கடைக்கு எதிராகப் பேசும்.

சொல்லிப் பார்ப்பதற்கு நான் வைத்திருக்கிற முறை எளியது. எழுதிக் காட்டக் கூடாது. போனில் ஒருவரிடம் ஒரே தடவை சொல்ல வேண்டும். கொஞ்சம் வேறு பேச்சு பேசிவிட்டு, அந்த வரியைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அவர் எந்தச் சொல்லை மாற்றுகிறாரோ அந்த இடம் வரியில் இளகியிருக்கிறது என்று பொருள். "காபி ஆத்துவேன்" என்பதைச் சிலர் "காபி ஊத்துவேன்" என்று திருப்பிச் சொன்னார்கள். ஊத்துவேனும் இயைபுதான், ஆனால் ஊத்துவதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள், ஆத்துவதில் ஒரு கை இருக்கிறது. நெடிலும் "ஆ", "சா" என்று ஒத்துப்போகிறது. அதனால் ஆத்துவேனை விடவில்லை.

அடுத்தது அச்சகம். இந்த வகை வரிகள் சாகிற இடமே அதுதான்.

மேலே உள்ள இயைபு பேச்சு எழுத்தில் மட்டுமே உயிரோடு இருக்கும். எழுத்துத் தமிழில் ஆத்துவேன் என்பது ஆற்றுவேன். சாத்துவேன் எழுத்திலும் சாத்துவேன்தான். இரண்டையும் திருத்தி எழுதினால் "ற்று" ஒரு பக்கம், "த்து" ஒரு பக்கம் என்று பிரிந்து, வரி செத்துவிடும். பேச்சில் "ற்ற" எல்லாம் "த்த" ஆகிவிடுவதால்தான் இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஆகின்றன. எங்கள் அச்சகத்தில் தட்டச்சு செய்தவர் தமிழ் நன்றாகத் தெரிந்தவர். பிழை என்று நினைத்து, நல்லெண்ணத்தோடு "ஆற்றுவேன்" என்று திருத்தினார். இயைபு கெடுவதைப் பார்த்து அடுத்ததையும் "சாற்றுவேன்" என்று திருத்திவிட்டார். இப்போது கண்ணுக்கு இயைபு இருக்கிறது, ஆனால் சாற்றுதல் என்றால் பறைசாற்றுதல், எடுத்துச் சொல்லுதல். காதைச் சாற்றுவதற்குப் பொருளே இல்லை. "கேட்டா" என்பதும் "கேட்டால்" ஆகியிருந்தது. அந்த ஓர் "ல்" போதும், நாயகன் போய் ஆசிரியர் வந்து நிற்பார்.

எழுத்துருவிலும் ஒரு சிக்கல் உண்டு. பல அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் அழகழகான வடிவங்கள் இருக்கின்றன. நாம் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்பிய வரியை அப்படியே ஒட்டி அந்த எழுத்துருவை வைத்தால், எழுத்து வராது, கட்டமும் குப்பையும்தான் வரும். அதனால் அவர்கள் மறுபடி தட்டச்சு செய்கிறார்கள், திருத்தம் நுழைவது அந்த வேளையில்தான். நான் இப்போது வரியைக் கையால் பெரிதாக எழுதி, எந்தச் சொல்லோடு வரி உடைய வேண்டும் என்று கோடு போட்டு, "பேச்சு வழக்கு, திருத்த வேண்டாம்" என்று மேலே எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். அச்சுக்குப் போகும் முன் மாதிரிப் படத்தை வாங்கி, வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன். மனதுக்குள் படித்தால் மனம் தானே சரியாகப் படித்துக்கொள்ளும்.

வரி உடையும் இடம் முக்கியம் என்றேன். பலகையில் நிறுத்தத்தைக் காட்டுவது மூன்று புள்ளியைவிட வரி உடைப்புதான். இடத்தை நிரப்புவதற்காக "கடன்குடி கேட்டா காதைச்" என்று ஒரு வரியும் "சாத்துவேன்" என்று ஒரு வரியுமாக வடிவமைத்தால், அடி விழும் முன்பே தடுக்கி விழுந்த மாதிரி ஆகிவிடும்.

எங்கே மாட்டுவது என்பதையும் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்தோம். சித்தப்பா சாலையைப் பார்த்த பெரிய பலகையில் இதைப் போட விரும்பினார். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற இருசக்கர வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் தாண்டும். மூன்று நொடிக்கு முன்பே கண்ணில் பட வேண்டுமானால் ஏறத்தாழ 33 மீட்டர் தூரத்தில் எழுத்து புரிய வேண்டும், அது நூறு அடிக்கு மேல். பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குலம் எழுத்து உயரம் என்பது பலகைக்காரர்கள் வைத்திருக்கும் ஏகதேசக் கணக்கு. அப்படிப் பார்த்தால் எழுத்து பதினோர் அங்குலம் இருக்க வேண்டும். ஆறுக்கு மூன்று அடிப் பலகையில் அந்த உயரத்துக்கு இரண்டு வரி, வரிக்கு ஒரு குட்டிச் சொல் என்பதற்கு மேல் இடமில்லை. மேல்விலங்கும் கீழ்விலங்கும் உள்ள தமிழ் எழுத்துக்கு வரிக்கு இடையிலும் இடம் விட வேண்டும். எட்டுச் சொல் அங்கே போகாது. அதனால் சாலைப் பலகையில் கடைப் பெயரும் "கருப்பட்டிக் காபி" என்பதும் மட்டும். பஞ்ச் வரி உள்ளே, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் கண்ணுக்கு நேராக, கல்லாவுக்கு மேலே. ஆறேழு அடி தூரத்துக்கு இரண்டு அங்குல எழுத்து தாராளம். நின்று குடிக்கிறவருக்குப் படித்துச் சிரிக்கவும் பக்கத்து ஆளிடம் சொல்லவும் நேரம் இருக்கிறது.

மற்ற வரிகள் இதைப்போல இழுக்கவில்லை. தண்ணீர்ப் பானைக்கு மேலே ஒன்று வேண்டும் என்றார். கடைக்கு வருவது தாமிரபரணித் தண்ணீர். "ஆத்து" என்பது எங்கள் பேச்சில் ஆற்றையும் குறிக்கும், காபி ஆற்றுவதையும் குறிக்கும். மறுப்பு அச்சில் போட்டேன்:

இது ஆத்துல வந்த தண்ணி மட்டும் இல்ல...
ஆத்துறதுக்குன்னே வந்த தண்ணி!

ஒரே ஓசையை இரண்டு பொருளில் வைக்கும்போது படிப்பவர் குழம்பாமல் இருக்க உருபு துணை செய்ய வேண்டும். முதலில் "ல" வந்ததால் அது ஆறு என்று ஐயமில்லை. அடுத்தது "றதுக்கு" என்பதால் அது தொழில். உருபு இல்லாமல் "ஆத்துத் தண்ணி" என்று இரண்டு தடவை போட்டிருந்தால் சொன்னதையே சொன்னதாகத் தோன்றியிருக்கும்.

சுக்குக் காபிக்குச் சவால் அச்சு. சுக்கு என்றதும் சுக்குநூறு தானே வந்தது. நோயைப் பற்றி ஒன்றும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதால் எதிரியாக அலுப்பை நிறுத்தினேன்.

ஏலே அலுப்பு! எங்க சுக்கோட மோதிப் பாரு...
ஆயிருவ சுக்குநூறு!

"ஏலே" போடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. வாடிக்கையாளரைப் பார்த்துப் போட முடியாது, அவர்கள் அண்ணாச்சியும் ஆச்சியும்தான். இங்கே கூப்பிடுவது அலுப்பை, அதனால் யாருக்கும் மரியாதை குறையவில்லை. பாரு, நூறு என்பதில் "ரு" ஒன்று, "று" ஒன்று. வாய்க்கு ஒத்துப்போகிறது, கண்ணுக்கு முழுக்க ஒக்காது. உள்பலகையில் வாய்விட்டுப் படிப்பார்கள் என்பதால் அப்படியே விட்டேன்.

தள்ளிய வரிகளும் உண்டு. திருநெல்வேலி என்றாலே அல்வா கொடுப்பதை வைத்து இரட்டைப் பொருளில் எழுதச் சொல்வார்கள். அது பேருந்து நிலையம் முதல் கல்யாண பேனர் வரை தேய்ந்துவிட்டது. கேட்பவர் முதல் சொல்லிலேயே கடைசிச் சொல்லைக் கண்டுபிடித்துவிடுவார், நிறுத்தத்துக்கு வேலை இல்லை. இன்னொன்றை நானே ஆசையாக எழுதியிருந்தேன். கடன் கணக்கு எழுதும் பற்று, பேச்சில் "பத்து". "பத்து ரூவா குடுத்துக் குடி... பத்துல எழுதிக் குடிக்காத" என்று வந்தது. விலை ஏறின அன்றைக்கு வரி செல்லாமல் போகும். சித்தப்பா கடையில் இப்போதே காபி பத்து ரூபாய் இல்லை.

நான்காவது வரி பதநீருக்கு. பங்குனி பிறந்து பனையில் இறக்கத் தொடங்கினால் கடையில் பதநீரும் வைப்பார். "பதநீர் இருக்கு, பதறாதீர்" என்று எழுத்தில் அழகாக வந்தது. ஆனால் எங்கள் ஊரில் யாரும் அதைப் பதநீர் என்று சொல்வதில்லை. பதனி என்பார்கள், பயினி என்றும் சொல்வார்கள். "பதறாதீர்" என்று யாரும் பேசுவதும் இல்லை. கடன் வரி பேச்சால் பிழைத்தது, இந்த வரி பேச்சால் போய்விட்டது. பதனிக்கு "இனி" என்று முடித்துப் புதிதாக எழுதியிருக்கிறேன்:

ஏ வெயிலு! ஒனக்கு ஆட்டம் இல்ல இனி...
களத்துல எறங்கிட்டு பதனி!

"எறங்கிட்டு" என்பது பனையில் இருந்து இறங்குவதும், சண்டைக்கு இறங்குவதும். "பதனி எறங்கிட்டு" என்று முறையாக வைக்காமல் பெயரைக் கடைசிக்குத் தள்ளினால்தான் நாயகன் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. இதை மட்டும் ஃபிளெக்ஸில் அடிக்கவில்லை. பருவம் முடிந்தால் எடுத்துவிட வேண்டும் என்பதால் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவதாக இருக்கிறோம். வீரவநல்லூர்ப் பக்கத்தில் இருந்து வருபவர்கள் பயினி என்று கேட்பது அதிகமாக இருந்தால், "இனி"யோடு அதுவும் ஒத்துப்போகும், ஒரே ஓர் எழுத்தை அழித்து எழுதினால் போதும்.